மண் ரிப்போர்ட்ட வச்சு பொட்டாஷ் டோஸ் முடிவு பண்றது எப்படி? அடிக்கடி வர்ற கேள்விகள்

மண் டெஸ்ட் ரிப்போர்ட்ட கைல வச்சுக்கிட்டு "பொட்டாஷ் எவ்வளவு போடணும்"னு கேக்குறவங்ககிட்டேர்ந்து கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். மொதல்ல அடிப்படை, போகப்போக கொஞ்சம் சிக்கலானது. ஒரு தடவ சொன்னத மறுபடி சொல்லல, மேல எங்க இருக்குன்னு மட்டும் குறிச்சிருக்கேன். கணக்கு எல்லாமே ஒரு ஹெக்டேருக்கு, மேல் 15 செ.மீ மண்ணுக்கு.

1. ரிப்போர்ட்ல "பரிமாற்ற பொட்டாசியம்"னு ஒரு நம்பர் இருக்கே, மண்ணுல இருக்குற மொத்த பொட்டாசியமும் அதுதானா?

இல்லங்க, மொத்தத்துல அது ரொம்ப சின்ன பங்கு, பெரும்பாலான மண்ணுல ஒண்ணு ரெண்டு சதவீதம் இருந்தாலே ஜாஸ்தி. மிச்சமெல்லாம் மைக்கா, பெல்ட்ஸ்பார் மாதிரி கனிமங்களுக்குள்ள பூட்டிக் கிடக்கு. களித்துகளோட மேற்பரப்புலயும் மக்கின பொருள்லயும் எதிர்மின்னூட்டம் இருக்கும், அதுல ஒட்டிக்கிட்டு நிக்குற பொட்டாசியம்தான் பரிமாற்ற பொட்டாசியம். வேர் மண் தண்ணியில உள்ளத உறிஞ்ச உறிஞ்ச இது கழண்டு தண்ணிக்கு வரும், அதனாலதான் இந்த நம்பர வச்சு டோஸ் போடுறாங்க.

லேப்ல நடுநிலை அமோனியம் அசிடேட் கரைசல்ல மண்ண குலுக்குவாங்க, அமோனியம் போய் பொட்டாசியத்த தள்ளிவிட்டு அந்த இடத்துல உக்காந்துக்கும், வெளிய வந்தத பிளேம் போட்டோமீட்டர்ல அளப்பாங்க. களி அடுக்குகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருக்குற பொட்டாசியம் இதுல சரியா வராது, ஆனா அதுவும் மெதுவா வெளிய வரும். இத ஞாபகத்துல வச்சுக்கோங்க, 14-வது கேள்வியில தேவைப்படும்.

2. ஒரு லேப் பிபிஎம்னு தர்றாங்க, இன்னொருத்தர் கிலோன்னு தர்றாங்க, இன்னொருத்தர் செண்டிமோல்னு தர்றாங்க. எப்படி ஒண்ணா பாக்குறது?

பிபிஎம்ங்கறது ஒரு கிலோ மண்ணுல எத்தன மில்லிகிராம்னு. 15 செ.மீ ஆழ மண்ணு ஒரு ஹெக்டேருக்கு சுமார் 22.4 லட்சம் கிலோன்னு எடுத்துக்கறதால, பிபிஎம்ம 2.24 ஆல பெருக்குனா கிலோ வந்துடும். செண்டிமோல்ங்கறது எடைய விட்டுட்டு அயனிகளோட மின்னூட்டத்த எண்ணுற அளவு, அது வேணும்னா பொட்டாசியம் பிபிஎம்ம 390 ஆல வகுக்கணும், கால்சியத்த 200 ஆல, மெக்னீசியத்த 120 ஆல, சோடியத்த 230 ஆல. பழைய ரிப்போர்ட்ல வர்ற "100 கிராமுக்கு மில்லி ஈக்விவலண்ட்"டும் செண்டிமோலும் ஒரே நம்பர்தான், பயப்பட வேணாம்.

நிறைய பேர் வழுக்கி விழுற இடம் வேற. மண் ரிப்போர்ட் பெரும்பாலும் பொட்டாசியம்னு சொல்லும், உர மூட்டையில K₂O-ங்கற ஆக்சைடு கணக்குல போட்டிருக்கும். பொட்டாசியத்த 1.2 ஆல பெருக்குனாதான் K₂O. கடையில வழக்கமா கிடைக்குற பொட்டாஷ் உரமான எம்ஓபியில 60 சதவீதம் K₂O, அதாவது பாதி எடை பொட்டாசியம். சில லேப் மண் நம்பரையே K₂O-வா எழுதித் தருவாங்க, அதனால மொதல்ல அதக் கேட்டு தெளிவுபடுத்திக்கோங்க, இல்லன்னா ஆரம்பத்துலயே 20 சதவீதம் தப்பா போயிடும்.

3. பொட்டாஷ் போடுறதுக்கு நான் எதுக்கு கால்சியம், மெக்னீசியம் நம்பரெல்லாம் பாக்கணும்?

மூணும் நேர்மின் அயனிகள், மூணும் அதே களி மேற்பரப்புலதான் ஒட்டுது. ஆனா கால்சியமும் மெக்னீசியமும் ரெட்ட மின்னூட்டம், அளவுலயும் பொட்டாசியத்தவிட பல மடங்கு அதிகமா இருக்கும். அதனால ஒரே 100 பிபிஎம் பொட்டாசியம் ஒரு மண்ணுல வேருக்கு தாராளமா கிடைக்கும், இன்னொரு மண்ணுல போதாம போகும். மண் தண்ணியில எவ்வளவு பொட்டாசியம் இருக்கும்ங்கறது, அது பக்கத்துல எவ்வளவு கால்சியம், மெக்னீசியம் இருக்குங்கறதப் பொறுத்துதான்.

ரெண்டாவது காரணம் செடிக்குள்ள. பொட்டாசியம் ஜாஸ்தியானா வேர் மெக்னீசியம் எடுக்குறது குறையும். பொட்டாஷ் போட்டும் இல மஞ்சளாகுதுன்னா சில நேரம் காரணம் இதுதான்.

4. அப்போ "பொட்டாசியம் செறிவு சதவீதம்"னு சொல்றாங்களே, அத எப்படி கண்டுபிடிக்கிறது?

எல்லா நேர்மின் அயனிகளையும் செண்டிமோலா மாத்தி கூட்டுனா கிட்டத்தட்ட சிஇசி, அதாவது மண்ணு எவ்வளவு அயனிகள பிடிச்சு வச்சுக்க முடியும்ங்கற கொள்ளளவு வரும். அதுல பொட்டாசியத்தோட பங்கு எத்தன சதவீதம்னு பாக்கணும்.

```
CEC ≈ K/390 + Ca/200 + Mg/120 + Na/230 + H
K % = (K/390) / CEC × 100
```

இதுல H-ங்கறது லேப் தனியா தர்ற பரிமாற்ற அமிலத்தன்மை, அது செண்டிமோல்லயே வரும், மத்தது பிபிஎம்.

ரெண்டு வயல எடுத்துக்குவோம், கடைசி வரைக்கும் இதே ரெண்டுதான். ஒண்ணு கனமான களிமண்: பொட்டாசியம் 117, கால்சியம் 4000, மெக்னீசியம் 720, சோடியம் 46 பிபிஎம், அமிலத்தன்மை இல்ல. செண்டிமோல்ல 0.30, 20, 6, 0.2, மொத்தம் 26.5. பொட்டாசியம் 1.1 சதவீதம்தான். இன்னொண்ணு லேசா அமிலமான மணல் மண்: பொட்டாசியம் 98, கால்சியம் 500, மெக்னீசியம் 60, சோடியம் சுமார் 12 பிபிஎம், அமிலத்தன்மை 0.7. செண்டிமோல்ல 0.25, 2.5, 0.5, 0.05, அமிலம் 0.7, மொத்தம் 4. இங்க பொட்டாசியம் 6 சதவீதத்துக்கு மேல.

பிபிஎம்ல பாத்தா களிமண்ணுதான் பணக்காரன், சதவீதத்துல பாத்தா மணல் மண்ணு. எத நம்பி டோஸ் போடுறதுங்கறதுதான் இனிமே வர்ற எல்லா கேள்வியும்.

5. கால்சியம் 65, மெக்னீசியம் 10, பொட்டாசியம் 5 சதவீதம் இருந்தாதான் மண் சமநிலைன்னு சொன்னாங்க. நான் என் மண்ண அந்த அளவுக்கு கொண்டு வரணுமா?

வேணாம்ங்க. அந்த நம்பர் 1940-கள்ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி பக்கம் ஃபர்மன் பேர் என்பவரும் கூட இருந்தவங்களும் செஞ்ச வேலையிலேர்ந்து வந்தது, மிசூரியில ஆல்பிரெக்ட் அத நிறைய பரப்பினாரு. அதுக்கப்புறம் செஞ்ச சோதனைகள்ல ஒவ்வொரு சத்தும் போதுமான அளவுக்கு இருந்தா விகிதம் ரொம்ப அகலமா மாறுனாலும் விளைச்சல் குறையலன்னுதான் தெரிஞ்சது. 2007-ல கோபிட்கே, மென்ஸீஸ்ங்கற ரெண்டு பேரும் இந்த ஆய்வுகள திரும்ப அலசிப் பாத்து, லட்சிய விகிதத்துக்கு ஆதாரம் இல்லன்னு எழுதினாங்க.

கணக்கு போட்டுப் பாத்தாலே புரியும். நம்ம களிமண் வயல்ல 5 வேணாம், 2 சதவீதத்துக்கு கொண்டு போகணும்னாலே 0.53 செண்டிமோல், அதாவது 207 பிபிஎம் வேணும். இருக்குறது 117, பத்தாதது 90. அத 2.24 ஆல பெருக்குனா சுமார் 200 கிலோ பொட்டாசியம், எம்ஓபியா 400 கிலோ, அதுவும் மண்ணு ஒரு துளி கூட பூட்டி வைக்கலன்னா. 5 சதவீதம்னா ஒண்ணே முக்கால் டன்னுக்கு மேல போகும். அவ்வளவும் போட்டு விளைச்சல் கூடும்னு உத்தரவாதம் இல்ல. மணல் வயல்லயோ இதே சதவீதம் எதிர்ப்பக்கம் ஏமாத்தும், அத 9-வதுல சொல்றேன்.

6. சதவீதம் வேணாம்ங்கறீங்க, வெறும் பிபிஎம்மும் போதாதுங்கறீங்க. அப்போ இலக்கு எத வச்சு வைக்கிறது?

இலக்க பிபிஎம்லயே வைங்க, ஆனா சிஇசிக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்கி வைங்க. எனக்கு இதுதான் நிதானமான வழியா படுது. உங்க மண்ணுக்கும் பயிருக்கும் வயல் சோதனை செஞ்சு, இதுக்குக் கீழ போனா பயிருக்கு பத்தாதுங்கற எல்லை நம்பர யாராவது குடுத்திருந்தா அதுதான் முதல் சாய்ஸ், வேற எதையும் அதுக்கு மேல வைக்காதீங்க.

அப்படி எதுவும் இல்லன்னா ஒரு தொடக்கப் புள்ளியா, 1995-ல மிச்சிகன், ஓஹாயோ, இண்டியானா மூணு மாநிலமும் சேர்ந்து வெளியிட்ட சூத்திரத்த எடுத்துக்கலாம்:

```
எல்லை (ppm) = 75 + 2.5 × CEC
```

களிமண் வயலுக்கு 75 + 66 = 141. மணல் வயலுக்கு 85. அதாவது 117 இருக்குற களிமண்ணுக்கு பத்தாக்குறை, 98 இருக்குற மணலுக்கு போதும். இந்த சூத்திரம் அந்த ஊர் மண்ணுக்கு அளந்தது, அவங்களே 2020-ல இத விட்டுட்டு சிஇசி 5-க்கு கீழ ஒரு வரம்பு, மேல ஒரு வரம்புன்னு எளிமையாக்கிட்டாங்க, லேப்ல மண்ண குலுக்குற கரைசலையும் மாத்திட்டாங்க. அதனால இத வேதவாக்கா எடுக்க வேணாம், சிஇசி கூடுனா இலக்கும் கூடணும்ங்கற அந்த திசைதான் முக்கியம்.

7. சரி, இலக்கு 141, இருக்குறது 117. எத்தன கிலோ எம்ஓபி போடணும்?

ரெண்டு பகுதி இருக்கு, ஒண்ணு பத்தாக்குறைய நிரப்புறது, இன்னொண்ணு பயிர் எடுத்துட்டுப் போறத ஈடு கட்டுறது. பத்தாக்குறை 24 பிபிஎம், அதாவது சுமார் 54 கிலோ பொட்டாசியம். ஆனா கனமான களிமண்ணுல போட்டதுல ஒரு பங்கு அடுக்குகளுக்குள்ள போய் பூட்டிக்கும், பரிமாற்ற நம்பர்ல தெரியாது. பாதிதான் தங்கும்னு வச்சுக்கிட்டா 108 கிலோ போடணும், K₂O-வா 130. இத ஒரே வருஷம் போட வேண்டிய அவசியம் இல்ல, மூணு வருஷமா பிரிச்சா வருஷத்துக்கு 43 கிலோ K₂O.

அடுத்து பயிர். மக்காச்சோளம் 7 டன் தானியம் வருதுன்னு வைங்க, ஒரு டன் தானியம் சுமார் 4 கிலோ K₂O எடுத்துட்டுப் போகும், ஆக 28 கிலோ. தட்டை வயல்லயே விட்டா மொத்தம் 71 கிலோ K₂O, எம்ஓபி 118 கிலோ, ரெண்டு மூட்டைக்கு கொஞ்சம் மேல.

அந்த "பாதிதான் தங்கும்"ங்கறது நான் வச்ச ஊகம், உங்க மண்ணுல அது முக்கால் பங்காவும் இருக்கலாம், கால் பங்காவும் இருக்கலாம். வயல்ல ஒரு பட்டையில கணக்கு தெரிஞ்ச அளவு போட்டு, பக்கத்து பட்டைய அப்படியே விட்டு, அறுப்பு முடிஞ்சு ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க. ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசம் போட்ட அளவுல எத்தன பங்குங்கறதுதான் உங்க மண்ணோட உண்மையான நம்பர், எந்த புத்தகத்து நம்பரையும் விட அது மேல். ரெண்டு பட்டையிலயும் விளைச்சல் ரொம்ப வேற வேறயா இருந்தா, பயிர் கூடுதலா எடுத்ததையும் அதுல சேத்துக்கோங்க.

8. தட்டைய மாட்டுக்கு வெட்டி எடுத்துட்டா கணக்கு மாறுமா?

தலைகீழா மாறும். தானியத்துல போறது கொஞ்சம், தட்டையிலதான் பொட்டாசியம் பெரும்பகுதி இருக்கு. ஒரு டன் காய்ஞ்ச தட்டைக்கு 16 கிலோ K₂O-ன்னு வச்சா 7 டன் தட்டைக்கு 112 கிலோ. 71-ஓட இத சேத்தா 183 கிலோ K₂O, எம்ஓபி 305 கிலோ. அதே வயல், அதே ரிப்போர்ட், தட்டைய எடுத்ததால மட்டும் டோஸ் ரெண்டரை மடங்கு ஆயிடுச்சு.

அதனால கால்சியம் மெக்னீசியம் விகிதத்தப் பத்தி தலைய பிச்சுக்கறதுக்கு முன்னாடி தட்டை, வைக்கோல், கொடி எங்க போகுதுன்னு பாருங்க. எரு திரும்ப அதே வயலுக்கு வருதுன்னா அதுல உள்ளதையும் கழிச்சுக்கணும். உருளைக்கிழங்கு மாதிரி அறுவடைப் பொருள்லயே நிறைய போற பயிர்கள்ல ஒரு டன்னுக்கு 5, 6 கிலோ K₂O போகும், அங்க ஈடுகட்டற பகுதிதான் பெருசா நிக்கும்.

9. என்னுது மணல் மண்ணு. பொட்டாசியம் 6 சதவீதம், மெக்னீசியம் 12 சதவீதம், எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் இல மஞ்சள்?

சதவீதம் ஏமாத்துற இடம் இதுதான். மெக்னீசியம் 12.5 சதவீதம்னா கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா எதோட 12.5 சதவீதம்? சிஇசியே 4-தான். உண்மையான அளவு 60 பிபிஎம், அது எல்லையில நிக்குற அளவு. பொட்டாசியம் 0.25, மெக்னீசியம் 0.5 செண்டிமோல், ஆக மெக்னீசியம் பொட்டாசியத்துக்கு ரெண்டு மடங்குதான்.

இந்த நிலைமையில பழக்கதோஷமா 150 கிலோ K₂O ஒரே தடவையா போட்டீங்கன்னா, அது 125 கிலோ பொட்டாசியம், 56 பிபிஎம். பொட்டாசியம் 154-க்கு போயிடும், செண்டிமோல்ல 0.39. இப்போ மெக்னீசியம் ஒண்ணேகால் மடங்குதான். அளவே கம்மியா இருக்குற மெக்னீசியத்த வேர் எடுக்குறதும் இதோட குறைஞ்சுடும். கூடவே எம்ஓபியில வர்ற குளோரைடு மழையில கீழ இறங்கும்போது தனியா போகாது, கொஞ்சம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கூட்டிட்டுதான் போகும்.

இங்க பொட்டாசியம் எல்லைக்கு மேல இருக்கு, அதனால பயிர் எடுக்கறத மட்டும் குடுத்தா போதும். 5 டன் தானியத்துக்கு 20 கிலோ K₂O, எம்ஓபி 33 கிலோ. தட்டைய எடுத்தா அதையும் 8-வதுல சொன்ன மாதிரி சேத்துக்கோங்க, ஆனா ரெண்டு மூணா பிரிச்சு குடுங்க, இந்த மண்ணு ஒரே தடவையில நிறைய பிடிச்சு வைக்காது. மெக்னீசியத்துக்கு, மண்ணு அமிலமா இருக்கறதால டோலமைட் சுண்ணாம்புதான் பொருத்தம். 30 பிபிஎம் ஏத்த 67 கிலோ மெக்னீசியம் வேணும், 11 சதவீதம் மெக்னீசியம் உள்ள டோலமைட்னா சுமார் 600 கிலோ. அது கரைய மாசக்கணக்குல ஆகும், அதனால பயிருக்கு முன்னாடியே போட்டு கலந்து விடணும்.

10. பொட்டாசியம் பத்தலையா மெக்னீசியம் பத்தலையான்னு இலையப் பாத்து எப்படி கண்டுபிடிக்கிறது? ரெண்டுமே அடி இலையிலதானே வருது?

ஆமா, ரெண்டுமே செடிக்குள்ள நகரக்கூடிய சத்து, அதனால ரெண்டும் பழைய இலையிலதான் மொதல்ல காட்டும். பொட்டாசியம் பத்தலன்னா இல நுனியிலயும் ஓரத்துலயும் மஞ்சளாகி அப்புறம் தீஞ்ச மாதிரி காயும், நடுப்பகுதி பச்சையாவே இருக்கும். மெக்னீசியம் பத்தலன்னா நரம்பு பச்சையா நிக்கும், நரம்புக்கு நடுவுல மஞ்சளாகும், மக்காச்சோளத்துல நீளவாக்குல கோடு கோடா தெரியும். ஒரு அடி இலைய பறிச்சு வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சுப் பாத்தா இந்த வித்தியாசம் நல்லா தெரியும்.

அடையாளம் இலையில வர்றதுக்குள்ள விளைச்சல்ல கொஞ்சம் போயிருக்கும். சந்தேகம்னா இல டெஸ்ட் குடுங்க, நல்லா இருக்குற இடத்து இலையும் மோசமா இருக்குற இடத்து இலையும் தனித்தனியா. நின்ன பயிருக்கு மெக்னீசியம்தான் பிரச்சினன்னு உறுதியாச்சுன்னா 1 லேர்ந்து 2 சதவீத மெக்னீசியம் சல்பேட் தெளிச்சு சமாளிக்கலாம், மண்ண சரி பண்றது அடுத்த பருவத்து வேலை.

11. எனக்கு மெக்னீசியம் ரொம்ப ஜாஸ்தி. அது பொட்டாசியத்த தடுத்துடும், அதனால டோஸ டபுள் பண்ணுன்னு சொல்றாங்க, பண்ணலாமா?

பண்ணாதீங்க. இந்த போட்டி ரெண்டு பக்கமும் சமமா நடக்கறதில்ல. பொட்டாசியம் கூடுனா மெக்னீசியம் எடுக்குறது நல்லாவே குறையும், ஆனா மெக்னீசியம் கூடி பொட்டாசியத்த அந்த அளவுக்கு அமுக்கறதில்ல. வேர்ல பொட்டாசியத்த உள்ள இழுக்க ரொம்ப திறமையான வழிகள் இருக்கு, மெக்னீசியத்துக்கு அப்படி இல்ல.

நம்ம களிமண் வயல்ல மெக்னீசியம் பொட்டாசியத்துக்கு 20 மடங்கு. இத ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கோங்க, பொட்டாசியம் இலக்கு சரியா வச்சிருக்கோமான்னு இன்னொரு தடவ பாக்க வைக்கும், அவ்வளவுதான். அத 6-வதுல சிஇசிய வச்சு ஏத்தும்போதே கணக்குல எடுத்தாச்சு, மறுபடி டபுள் பண்ணா ஒரே காரணத்துக்கு ரெண்டு தடவ உரம் போட்ட மாதிரி.

12. கால்சியம் 75 சதவீதம் இருக்கு, அதக் குறைக்க ஏதாவது போடலாமா?

20 செண்டிமோல் கால்சியம்னா அந்த 15 செ.மீ மண்ணுல மட்டும் கிட்டத்தட்ட 9 டன். அத எதைப் போட்டும் வெளிய தள்ள முடியாது, தள்ளணும்ங்கற அவசியமும் இல்ல. உரத்த எங்க வைக்கிறோம்ங்கறதுதான் நம்ம கையில இருக்கு.

வயல் முழுக்க விசிறுனா அத்தனை மண்ணோடயும் கலந்து கரைஞ்சு போயிடும். அதே எம்ஓபிய விதை வரிசைக்கு பக்கத்துல 5 செ.மீ தள்ளி, 5 செ.மீ கீழ ஒரு கோடா வச்சா அந்த கொஞ்ச மண்ணுல மட்டும் பொட்டாசியம் செறிவு எகிறும், வேர் அங்க போய் எடுத்துக்கும், பூட்டிக்கறதுக்கும் மண்ணு கம்மியாதான் தொடும். சிஇசி பெருசா இருக்குற, பொட்டாசியம் கம்மியா இருக்குற மண்ணுலதான் இதுக்கு நல்ல பலன். விதையோட ஒட்டி மட்டும் வச்சுடாதீங்க, எம்ஓபி உப்பு, முளைப்பு அடிபடும். டோஸ் பெருசுன்னா ஒரு பங்க கோட்டுல வச்சுட்டு மிச்சத்த உழவுக்கு முன்னாடி விசிறிடுங்க.

13. என் மண்ணுல சுண்ணாம்பு கல்லு கல்லா கிடக்கு, அமிலம் விட்டா பொங்குது. ரிப்போர்ட்ல சிஇசி 45-ன்னு வருது, நம்பலாமா?

நம்ப வேணாம், 4-வதுல சொன்ன கூட்டல் கணக்கு இங்க வேலை செய்யாது. அமோனியம் அசிடேட் கரைசல் களியில ஒட்டிருக்குற கால்சியத்தோட சேத்து, மண்ணுல தனியா கிடக்குற சுண்ணாம்பையும் கொஞ்சம் கரைச்சுடும். அதனால கால்சியம் நம்பர் வீங்கும், கூட்டி வர்ற சிஇசியும் வீங்கும், பொட்டாசியம் சதவீதம் பாவமா தெரியும். அந்த வீங்குன சிஇசிய சூத்திரத்துல போட்டா எல்லை 187 பிபிஎம்னு வரும், நிஜ சிஇசி 25-ன்னா 137-தான். 50 பிபிஎம் வித்தியாசம், அத நிரப்ப பூட்டாத மண்ணுலயே 220 கிலோவுக்கு மேல எம்ஓபி ஆகும்.

லேப்ல சிஇசிய நேரடியா அளந்து தரச் சொல்லுங்க, கூட்டிச் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. முடியலன்னா களி அளவ வச்சு அதே பகுதியில சுண்ணாம்பு இல்லாத மண்ணோட சிஇசிய உத்தேசமா எடுத்துக்கோங்க. உப்பு மண்ணுலயும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு, தண்ணியில கரைஞ்சு கிடக்குற உப்போட அயனிகளும் பரிமாற்ற கணக்குல ஏறிடும், அத தனியா அளந்து கழிக்கணும்.

14. மூணு வருஷமா கணக்குப்படி போடுறேன், நம்பர் ஏறவே இல்ல. எங்க போகுது?

மொதல்ல ஈடுகட்டற கணக்க சரி பாருங்க, தட்டை போற வயல்ல தானியத்துக்கு மட்டும் கணக்கு போட்டிருந்தா நம்பர் ஏறாது, இறங்காம நின்னாலே ஆச்சரியம். அது சரின்னா பூட்டிக்கறதுதான் காரணமா இருக்கலாம், சில களி வகைகள்ல, குறிப்பா வெர்மிகுலைட் அதிகம் இருக்குற மண்ணுல, போட்டதுல பெரும்பகுதி அடுக்குக்குள்ள போயிடும். அது முழுக்க நஷ்டம் இல்ல, 1-வதுல சொன்ன மாதிரி மெதுவா திரும்ப வரும், ஆனா வேகமா வளர்ற பயிருக்கு அந்த வேகம் பத்தாது. இப்படிப்பட்ட மண்ணுல நம்பர ஏத்துற முயற்சிய விட்டுட்டு, வருஷா வருஷம் பயிருக்கு வேண்டியத கோட்டுல வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன்.

மூணாவதா, மாதிரி எடுக்குற நேரம். அறுப்பு முடிஞ்ச உடனே எடுத்தா ஒரு நம்பர், மழை பெஞ்சு தட்டையிலேர்ந்து பொட்டாசியம் கழுவி மண்ணுக்கு வந்தப்புறம் எடுத்தா இன்னொரு நம்பர். மண்ணக் காய வைக்கிறதே நம்பர மாத்தும், பொட்டாசியம் கம்மியான மண்ணு காய்ஞ்சா கொஞ்சம் வெளிய விடும், நிறைய இருக்குற மண்ணு காய்ஞ்சா பூட்டிக்கும். அதனால எல்லா வருஷமும் ஒரே மாசம், ஒரே ஆழம், அதே லேப்.

15. சுண்ணாம்பு, ஜிப்சம் போட்டா பொட்டாசியம் போயிடும்ங்கறாங்களே?

சுண்ணாம்பும் ஜிப்சமும் ஒண்ணு இல்ல. அமில மண்ணுல சுண்ணாம்பு போட்டா பிஎச் ஏறும், அதோட சிஇசியும் கூடும், அதனால பொட்டாசியத்த பிடிச்சு வைக்க இடம் அதிகமாகும், மழையில கழுவிப் போறது பெரும்பாலும் குறையத்தான் செய்யும். ஆனா கால்சியம் கூடுனதால மண் தண்ணியில பொட்டாசியம் கொஞ்சம் குறையும், ஏற்கனவே எல்லையில இருந்த மண்ணுன்னா அந்த வருஷம் பத்தாக்குறை தலைகாட்டலாம்.

ஜிப்சம் பிஎச்ச ஏத்தாது, புதுசா இடமும் தராது. கரைஞ்ச கால்சியம் போய் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் தள்ளிவிடும், சல்பேட் கூடவே கீழ கொண்டு போகும். களிமண்ணுல இது பெருசா தெரியாது. சிஇசி 4 இருக்குற மணல்ல டன் கணக்குல ஜிப்சம் போட்டா கண்டிப்பா தெரியும், அங்க ஜிப்சத்துக்கு அப்புறம் மறுபடி டெஸ்ட் பண்ணாம பழைய ரிப்போர்ட்ட வச்சு பொட்டாஷ் டோஸ் போடாதீங்க.

16. மண் நம்பர் நல்லா இருக்கு, இல டெஸ்ட்ல மட்டும் பொட்டாசியம் கம்மி. எத நம்புறது?

ரெண்டும் சரியா இருக்கலாம். கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் தண்ணியோட சேந்து ஓடி வேருக்கு வந்துடும், பொட்டாசியம் அப்படி இல்ல, பெரும்பகுதி வேரச் சுத்தி இருக்குற சில மில்லிமீட்டர் தூரத்த மெதுவா பரவித்தான் வரும். மண்ணு காய்ஞ்சா, இறுகிப் போனா, தண்ணி தேங்கி வேர் மூச்சுத் திணறுனா அந்த பரவல் படுத்துடும் இல்லன்னா வேரே இருக்காது. ஒரு செடிய வேரோட தோண்டிப் பாருங்க, 10 செ.மீல தட்டு தட்டி வேர் பக்கவாட்டுல வளைஞ்சிருந்தா, கூடுதலா ஒரு மூட்டை பொட்டாஷ் போட்டு அத சரி பண்ண முடியாது.

17. தீவனப் புல்லுக்கும் இதே கணக்குதானா? பொட்டாஷ் போட்டா புல்லு நல்லா வருது, ஆனா மாட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்க.

சொல்றது உண்மைதான், விகிதம் நிஜமாவே முக்கியமாகுற இடம் இதுதான். புல்லு தேவைக்கு மேல பொட்டாசியத்த உறிஞ்சி வச்சுக்கும், விளைச்சல் கூடாது, ஆனா புல்லுல மெக்னீசியமும் கால்சியமும் குறையும். அத மேயுற கறவை மாட்டுக்கு ரத்தத்துல மெக்னீசியம் இறங்கி நடுக்கம், இழுப்பு வந்து உயிரே போகலாம், குறிப்பா கன்னு போட்ட புதுசுல.

புல்ல டெஸ்ட் பண்ணி, பொட்டாசியத்த கால்சியமும் மெக்னீசியமும் சேந்ததால வகுக்கணும், மூணையும் மில்லி ஈக்விவலண்ட்டா மாத்திட்டு. 2.2-க்கு மேல போனா ஆபத்துன்னு எடுத்துக்கறாங்க. காய்ஞ்ச புல்லுல பொட்டாசியம் 3.5, கால்சியம் 0.4, மெக்னீசியம் 0.15 சதவீதம்னா கிலோவுக்கு 895, 200, 123 மில்லி ஈக்விவலண்ட், விகிதம் 2.8. அதே புல்லுல பொட்டாசியம் 2.5 ஆ இருந்தா 2-க்கு பக்கத்துல வந்துடும். அதனால புல் வயல்ல பொட்டாஷ ஒவ்வொரு வெட்டுக்கும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, மாடு கன்னு போடுற காலத்துக்கு முன்னாடி மேய விடப்போற வயல்ல அந்த தவணைய நிறுத்திட்டு, மாட்டுக்கு மெக்னீசியம் தனியா குடுக்கறதப் பத்தி கால்நடை மருத்துவர்கிட்ட பேசிடுங்க.